டிபி கணக்கில் 10% என்று போட்டேன், தப்பு என்கிறார்கள். எங்கே பிசகினேன்?

நர்சிங் மாணவி
மாதிரித் தேர்வில் வந்த கேள்வி இது. ஒரு நகரத்தில் மக்கள்தொகை 2,00,000. ஒரு ஆண்டில் எல்லாக் காரணங்களாலும் இறந்தவர்கள் 1,600. அந்த ஆண்டு புதிதாகக் கண்டறிந்த டிபி நோயாளிகள் 400. டிபியால் இறந்தவர்கள் 40. டிபி இறப்பு வீதம் என்ன?

நான் 40-ஐ 400-ஆல் வகுத்து 10% என்று போட்டேன். விடைத்தாளில் லட்சத்துக்கு 20 என்று இருக்கிறது. ஆப்ஷனில் 2.5% என்றும் ஒன்று இருந்தது, அது எங்கிருந்து வந்தது என்றே புரியவில்லை. நாளை மறுநாள் தேர்வு, யாராவது சொல்லுங்கள்.

கரிசல்காரன்
மூணுக்கும் மேல இருக்கிற எண் அதே 40தான் தங்கச்சி, கீழ இருக்கிறதுதான் மாறும். நோயாளிகள் 400-ஆல் வகுத்தா சி.எஃப்.ஆர், அது 10%. ஊர் ஜனம் 2,00,000-ஆல் வகுத்தா இறப்பு வீதம், லட்சத்துக்கு 20. மொத்தச் சாவு 1,600-ஆல் வகுத்தா விகிதாசார இறப்பு, அதான் அந்த 2.5%. விகிதாசாரம் கூடுதலா இருக்கிற ஊர்ல அந்த நோயால சாகிற ஆபத்தும் கூடுதல்னு ஞாபகம் வச்சுக்கோ.

ஓய்வுபெற்ற சுகாதார ஆய்வாளர்
வகுத்தல் எல்லாம் சரி தம்பி. கடைசி வரிதான் பிள்ளைகளைக் கவிழ்க்கிற இடம்.

பக்கத்தில் இன்னொரு நகரம் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். அங்கேயும் 2,00,000 பேர், அங்கேயும் டிபியால் 40 சாவு. ஆனால் மொத்தச் சாவு 800தான், ஏனென்றால் மாரடைப்பு, விபத்து எல்லாம் அங்கே குறைவு. இப்போது விகிதாசார இறப்பு 5%, அதாவது இரண்டு மடங்கு. ஆனால் டிபியால் சாகும் ஆபத்து இரண்டு ஊரிலும் லட்சத்துக்கு 20தான். மற்ற சாவுகள் குறைந்ததால் டிபியின் பங்கு பெரிதாகத் தெரிகிறது, அவ்வளவே. இரண்டு ஊர்களின் ஆபத்தை ஒப்பிடச் சொன்னால் விகிதாசாரத்தைத் தொடாதீர்கள்.

மகளே, உன் தவறு வேறு. "இறப்பு வீதம்" என்று கேட்டால், நோய் வராதவர்களும் கீழே இருக்க வேண்டும். சரிபார்க்க ஒரு வழி உண்டு. 2,00,000-க்கு 400 என்றால் லட்சத்துக்கு 200 பேருக்கு நோய். அதில் 10% இறந்தால் லட்சத்துக்கு 20. இரண்டும் பொருந்தினால் கணக்கு சரி. ரேபிஸை நினைத்துப் பார்: அறிகுறி வந்துவிட்டால் ஏறத்தாழ எல்லோரும் இறக்கிறார்கள், ஆனால் நோய் வருவது சிலருக்கே என்பதால் இறப்பு வீதம் குறைவு.

மல்லிகா
எங்க அப்பாவுக்கு டிபி, ரெண்டு மாசமா மாத்திரை சாப்பிடுறார். இதைப் படிச்சதும் கை நடுங்குது. அப்போ பத்துக்கு ஒருத்தர் கணக்குல அவரும் வருவாரா?

ஓய்வுபெற்ற சுகாதார ஆய்வாளர்
பயப்படாதீங்கம்மா. அந்த 400, 40 எல்லாம் கேள்விக்காகப் போட்ட எண்கள். நிஜக் கணக்காக இருந்தாலும் அது ஒரு கூட்டத்தின் சராசரி. வயது, சர்க்கரை, எந்த நிலையில் நோய் பிடிபட்டது, மருந்துக்குக் கிருமி கட்டுப்படுகிறதா என்பதைப் பொறுத்து ஆளுக்கு ஆள் மாறும். சாதாரண டிபிக்கு ஆறு மாதச் சிகிச்சை. இரண்டாம் மாதம் இருமல் நின்று பசி எடுத்ததும் நிறுத்திவிடுபவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அப்பா அப்படிச் செய்யாமல் பார்த்துக்கொள்ளுங்கள். சளிப் பரிசோதனை எப்போது என்று மருத்துவரிடம் கேளுங்கள்.

நர்சிங் மாணவி
நன்றி சார், இப்போது தெளிவு. இன்னொரு சந்தேகம். இறந்த 40 பேரில் 12 பேர் போன வருஷமே கண்டறியப்பட்டவர்கள் என்றால்?

ஓய்வுபெற்ற சுகாதார ஆய்வாளர்
நல்ல கேள்வி. இறப்பு வீதத்துக்கு 40-ஐயே வைக்கலாம், அந்த ஆண்டு இறந்தவர்கள்தானே. சி.எஃப்.ஆருக்கு மேலே உள்ளவர்கள் கீழே உள்ள 400-க்குள் இருந்தே ஆக வேண்டும். ஆக 28/400, 7%. அதுவும் இறுதி இல்லை. நவம்பரில் கண்டறிந்தவர் டிசம்பர் முடிவில் சிகிச்சையில்தான் இருப்பார்.

2003-இல் சார்ஸ் பரவியபோது நடந்தது இதுதான். தொடக்கத்தில் சி.எஃப்.ஆர் 4% அளவில் சொன்னார்கள். பலர் அப்போது மருத்துவமனையிலேயே இருந்தார்கள், குணமா சாவா என்று தெரியாத நிலை. எல்லாம் ஓய்ந்து எண்ணியபோது 8,096 பேரில் 774 பேர் இறந்திருந்தார்கள், 9.6%.

கரிசல்காரன்
விகிதாசாரம் பத்தி நான் சொன்னது தப்பு, ஒத்துக்கிறேன் சார். ஆனா பரீட்சையில 12 பேரைக் கழிச்சா மார்க் போயிடும். ஒரே ஆண்டுக் கணக்குன்னு எடுத்து 10% போடுறதுதான் வழக்கம்.

ஓய்வுபெற்ற சுகாதார ஆய்வாளர்
12 என்று கேள்வியிலேயே கொடுத்திருந்தால் கழிக்கத்தான் கொடுத்திருக்கிறார்கள்.

நர்சிங் மாணவி
சீனியர் ஒருவர் தந்த தாளில் அப்படித்தான் கொடுத்திருக்கிறது சார். ஆனால் ஆப்ஷனில் 7% இல்லை, 10% இருக்கிறது.