கீ பைண்டிங், ரீமேப்: இரண்டுக்கும் ஒரே சொல்லா?

கதிர்:
வணக்கம். ஒரு விளையாட்டின் அமைப்புப் பக்கத்தைத் தமிழாக்குகிறேன். கீ பைண்டிங் என்பதற்கு 'விசைமாற்றம்' என்று போட்டிருக்கிறேன். நான் இடக்கைக்காரன், மவுஸும் இடது கையில்தான், அதனால் W A S D-இல் இருக்கும் நடையை I J K L-க்குக் கொண்டுபோவதுதான் எந்த விளையாட்டிலும் என் முதல் வேலை. சொல் சரிதானா?

மல்லிகா:
தம்பி, 'மாற்றம்' என்ற சொல்லை ரீமேப்புக்கு விட்டுவையுங்கள். நீங்கள் செய்வதில் எந்த விசையும் மாறவில்லை. 'முன்னே போ' என்ற செயலை W-இலிருந்து அவிழ்த்து I-இல் கட்டுகிறீர்கள், அதுவும் அந்த விளையாட்டுக்குள் மட்டும். ஆகவே 'விசைப்பிணைப்பு'. ரீமேப் அப்படியில்லை. பிணைப்பை மாற்ற இடம் தராத ஒரு பழைய விளையாட்டுக்காக I J K L-ஐ அழுத்தினால் W A S D போகும்படி கணினியிலேயே மாற்றினேன், பிறகு அதை மறந்துவிட்டுத் தமிழ்99-இல் 'தமிழ்' என்று அடித்தால் 'உஇஇழ்' என்று வந்தது. த L-இல், ம K-இல் இருக்கின்றன, அவை D-ஆகவும் S-ஆகவும் போய்விட்டன. பயனர் இந்த இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது.

இளங்கோ:
I J K L எதற்கு? வலது கைக்கு எண்பலகையே போதும், 8 4 5 6-இல் நடை, Shift-இல் ஓட்டம். அப்புறம், 'பிணை' என்றால் ஜாமீன்தான் நினைவுக்கு வருகிறது.

கதிர்:
அண்ணே, அதையும் செய்து பார்த்தேன். விண்டோஸில் NumLock எரியும்போது Shift-ஐப் பிடித்தபடி 8-ஐ அழுத்தினால் அது 8 ஆகப் போவதில்லை, மேல் அம்புக்குறியாகிவிடுகிறது, கூடவே Shift-ஐ விட்டுவிட்டதாகவும் விளையாட்டுக்குச் செய்தி போகிறது. ஓடிக்கொண்டிருந்தவன் அப்படியே நின்றுவிடுவான். ஓட்டத்தை எண்பலகையின் 0-இல் பிணைத்த பிறகுதான் சரியானது, கட்டைவிரல் தானாகவே அங்கே விழுகிறது.

சேவியர்:
எனக்கும் இதே சிக்கல். கணக்கு வேலை, நாள் முழுக்க எண்தான். தனியாக ஒரு யூ.எஸ்.பி. நம்பர்பேட் வாங்கி இடப்பக்கம் வைத்து இடது கையால் அடிக்கிறேன். ஆனால் 0 இடது ஓரத்தில் இருப்பதால் கட்டைவிரலை உள்ளே மடக்க வேண்டியிருக்கிறது, Enter மட்டும் கைக்கு வாட்டம். இதுவும் விசைமாற்றம்தானே?

மல்லிகா:
இல்லை சேவியர், பலகைதான் இடம் மாறியிருக்கிறது. 'இடப்பக்க எண்பலகை' என்றாலே போதும். அதில் 0-ஐயும் புள்ளியையும் மென்பொருளில் இடம் மாற்றிக்கொண்டால், அதுதான் விசைமாற்றம். இளங்கோ, 'பிணை' என்று தனியாக நின்றால் நீங்கள் சொல்வது சரி. பொத்தானில் 'விசையைப் பிணை' என்று எழுதலாமே.

இளங்கோ:
'விசைப்பிணைப்பு' சரி, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அன்பைண்டுக்கு 'பிணைப்பு நீக்கு' என்பது சின்னப் பொத்தானில் அடங்காதே?

கதிர்:
'அவிழ்' என்று போட்டுப் பார்க்கிறேன். மல்லிகா அக்கா மேலே சொன்ன சொல்தான்.