துணிப்பையைக் கண்டு சிவந்த திரை: ஜெர்மனியின் செல்ஃப் செக்கவுட் அனுபவங்கள்

நெல்லைக்காரன், ஆகன்

நடந்து பல வாரங்கள் ஆகியும் இது மனத்தை விட்டுப் போகவில்லை. கடையில் பொருளின் பார்கோடை நாமே காட்டிப் பணம் கட்டும் செல்ஃப் செக்கவுட் இயந்திரத்தில் பாலும் ரொட்டியும் பிரச்சினையின்றி ஏறின. திராட்சைக்குக் கோடு இல்லாததால் திரையில் பழம், காய்கறி என்று பொருள்படும் Obst & Gemüse பொத்தானை அழுத்தி, படத்தைத் தேர்ந்தெடுத்தேன். எடை 0,640 kg என்றும், கிலோ 2,99 வீதம் 1,91 யூரோ என்றும் வந்தது. அதை வலப்பக்கத் தட்டில் வைத்துவிட்டு, எல்லாவற்றையும் அள்ளிக்கொள்ளலாம் என்று வீட்டிலிருந்து கொண்டுபோன வெறும் துணிப்பையை விரித்து அதே தட்டில் வைத்தேன். உடனே திரை சிவந்தது. தலைக்கு மேலிருந்த விளக்கு மின்னத் தொடங்கியது. ஊழியர் வந்தார், பையை இரண்டு விரலால் தூக்கி உள்ளே எட்டிப் பார்த்தார், தன் அட்டையைக் காட்டி எதையோ அழுத்திவிட்டு, ஒரு சொல்லும் பேசாமல் போய்விட்டார். வரிசையில் நின்றவர்கள் எல்லோரும் என்னையே பார்த்தார்கள். வெறும் பைக்குள் அந்த இயந்திரம் எதைக் கண்டது என்பதுதான் இன்றுவரை எனக்குப் புரியவில்லை.

பெர்லின்வாசி

தம்பி, ஜெர்மனியில் அந்தத் தட்டு எடை பார்ப்பதே இல்லை. நான் வழக்கமாகப் போகும் கடையில் வாங்கிய பொருளைத் தோளில் தொங்கும் பைக்குள் நேராகப் போட்டுக்கொண்டே போகிறேன், யாரும் கேட்டதில்லை. உங்களுக்கு வந்தது தற்செயல் சோதனையாகத்தான் இருக்கும். எங்கள் பகுதியில் உண்மையான தொல்லை வெளிவாசலில்தான் இருக்கிறது. பணம் கட்டியதும் ரசீது வேண்டுமா என்று திரை கேட்கிறது. வேண்டாம் என்று அழுத்திவிட்டு வந்த ஒருவர், ரசீதிலுள்ள கோட்டைக் காட்டினால்தான் திறக்கும் கண்ணாடிக் கதவுக்கு முன்னால், கையில் முட்டைப் பெட்டியோடு நின்றுகொண்டிருந்ததை நானே பார்த்தேன். ஆகவே ரசீதை எடுங்கள், எடுத்ததைக் கசக்காதீர்கள், பையின் அடியில் போடாதீர்கள், கதவைத் தாண்டும்வரை கையிலேயே வைத்திருங்கள்.

ரோமில் திருச்சிக்காரி

காய்கறியை எங்கே எடை போடுவது என்பதுதானே கேள்வி? இத்தாலியில் பல கடைகளில் காய்கறிப் பகுதியிலேயே தராசு இருக்கும். விலைப்பலகையில் உள்ள எண்ணை மனத்தில் வைத்துக்கொண்டு தராசில் அந்த எண்ணை அழுத்தினால் ஒட்டுச்சீட்டு வரும். அதைப் பையில் ஒட்டிக்கொண்டால் கல்லாவில் அந்தச் சீட்டைக் காட்டினாலே போதும். மெல்லிய பைக்கும் 2018 முதல் தனியாகக் காசு வாங்குகிறார்கள் என்பதால், எலுமிச்சம்பழம் ஒன்றே ஒன்று வாங்கினால் சிலர் பழத்தின் மேலேயே சீட்டை ஒட்டிவிடுவார்கள். ஒருமுறை எனக்கு முன்னால் நின்ற பெரியவர் சீட்டில்லாத கத்தரிக்காயோடு கல்லாவரை வந்துவிட்டு, கடையின் மறுகோடிக்குத் திரும்ப நடந்தார். அந்த முகம் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது.

கடைமேசை

அக்கா, நெல்லைக்காரர் கேட்டது அதுவல்ல. ஆனால் நீங்கள் சொன்ன முறை இங்கேயும் சில பெரிய கடைகளில் உண்டு. காய்கறி அடுக்குக்கு அருகில் எண் பலகையோடு தராசு இருந்தால் அங்கேயே போட்டுவிட வேண்டும், இல்லாவிட்டால் கல்லாவில் போடலாம்.

படிக்கும் காலத்தில் இப்படியொரு கடையில் அந்த ஊழியர் நின்ற இடத்தில் நானும் நின்றிருக்கிறேன். பெர்லின்வாசி அண்ணா சொல்வது அவருடைய கடைக்குப் பொருந்தும். நாடு முழுமைக்கும் பொருந்தாது. இரண்டு வகை இயந்திரங்கள் இருக்கின்றன. ஒன்றில் வலப்பக்கம் இருப்பது வெறும் மேசை. மற்றொன்றில் அந்தத் தட்டே ஒரு தராசு. கோடு காட்டிய பொருளைத் தட்டில் வைக்கும்வரை அடுத்த பொருளை ஏற்க மறுத்தால் அது தராசு வகை என்று தெரிந்துகொள்ளலாம்.

தராசு வகையில் ஒவ்வொரு பொருளுக்கும் ஏறக்குறைய எவ்வளவு எடை இருக்க வேண்டும் என்பது முன்பே பதிவாகியிருக்கும். பால் பெட்டியின் கோட்டைக் காட்டினால் தட்டின் எடை ஒரு கிலோவுக்குச் சற்று மேல் கூட வேண்டும் என்று அது காத்திருக்கும். திராட்சையை அது சற்று முன்புதான் நிறுத்திருக்கிறது. ஆகவே 640 கிராம் கூடினால் ஒத்துக்கொள்ளும். அதன் பிறகு உங்கள் துணிப்பை ஏறியதும், எந்தக் கோடும் காட்டப்படாமல் தட்டு கனத்திருக்கும். அது பை என்று இயந்திரத்துக்குத் தெரியாது. கோடு காட்டாத ஏதோ ஒன்று என்று மட்டுமே தெரியும். தட்டிலிருந்து ஒரு பொருளைத் தூக்கினாலும் இதே கதிதான்.

பையை எப்போது வைப்பது என்பதே முக்கியம். தொடங்கும்போது சொந்தப் பை இருக்கிறதா என்று சில இயந்திரங்கள் கேட்கும். அப்போது ஆம் என்று அழுத்திவிட்டுப் பையை வைத்தால் அதன் எடையைக் கழித்துக்கொள்ளும். அப்படிக் கேட்காத இயந்திரமென்றால், பணம் கட்டி முடியும்வரை பையைத் தள்ளுவண்டியிலேயே விட்டுவிடுவது நல்லது. காய்கறிக்கு வலைப்பை வைத்திருப்பவர்கள் கல்லாத் தராசில் பழத்தை வெளியே எடுத்து நிறுப்பது லாபம், ஆனால் லாபம் சில சென்ட்தான். வெள்ளரிக்காய், அவகாடோ போன்றவற்றுக்கு அடுக்குப் பலகையில் Stück என்று இருந்தால் எடை கேட்காது, எண்ணிக்கை கேட்கும்.

சீட்டுகளைப் பொறுத்தவரை இரண்டு விஷயம். காலாவதி நெருங்கிய பொருளில் -30% என்று ஒட்டிய சீட்டில் தனிக் கோடு இருந்தால் அதைத்தான் காட்ட வேண்டும். பெட்டியின் பழைய கோட்டைக் காட்டினால் முழு விலை ஏறிவிடும். காலி பாட்டில் கொடுத்து வாங்கிய Pfandbon சீட்டை எல்லாப் பொருளும் ஏறிய பிறகு, பணம் கட்டுவதற்கு முன்னால் காட்டுங்கள்.

தஞ்சை மீனாள்

மகனைப் பார்க்க வந்தவள் நான். பையும் பழமும் சரியாகவே போயின, அட்டையில்தான் நின்றது. இந்திய அட்டையைத் தொட்டேன், மறுத்தது, செருகினேன், மறுத்தது. மகன் அலைபேசியில் என் வங்கிச் செயலியைத் திறந்து வெளிநாட்டுப் பயன்பாடு என்ற பொத்தானைத் தள்ளியதும் ஏற்றுக்கொண்டது. 2020க்குப் பிறகு வரும் அட்டைகளில் இது அணைந்தே வருகிறதாமே. அடுத்ததாகச் சிறு திரையில் 23,40 EUR என்றும் அதன் கீழே ரூபாயில் ஒரு தொகையும் வந்தன. எதை அழுத்துவது என்று கேட்பதற்குள் மகன் யூரோவைத் தொட்டுவிட்டான். அவன் செய்தது சரியா, தம்பி?

பெர்லின்வாசி

ரூபாயைத் தொட்டால் கொள்ளைதான், அம்மா. சந்தேகமே வேண்டாம்.

கடைமேசை

மகன் செய்தது சரிதான், ஆனால் கொள்ளை என்பது அட்டையைப் பொறுத்தது. கணக்குக்காக ஒரு யூரோவை 100 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். உங்கள் பில் 2,340. யூரோவைத் தேர்ந்தால், 3.5 சதவீதக் கட்டணமும் அதன் மேல் ஜிஎஸ்டியும் பிடிக்கும் வங்கியில் சுமார் 2,437 ஆகும். இயந்திரம் 5 சதவீதம் கூட்டி ரூபாயில் காட்டினால் 2,457. வித்தியாசம் இருபது ரூபாய்தான். ஆனால் ரூபாயில் நடந்த வெளிநாட்டுச் செலவுக்கும் தனிக் கட்டணம் பிடிக்கும் வங்கிகள் உண்டு, அங்கே இன்னும் ஏறும். வெளிநாட்டுக் கட்டணமே இல்லாத அட்டையென்றால் யூரோவில் 2,340 மட்டுமே, அங்கே நட்டம் நூற்றுக்கு மேல்.

பெர்லின்வாசி

இருபது ரூபாயும் என் காசுதானே, தம்பி.

நெல்லைக்காரன், ஆகன்

பையின் விஷயம் புரிந்தது, நன்றி. ஆனால் தொடங்கும்போது எனக்குப் பையைப் பற்றி எதுவும் கேட்கவில்லை. கடையின் வாடிக்கையாளர் அட்டை எண் கேட்கும் திரைதான் முதலில் வந்தது. அதைத் தாண்டினால்தான் பைக் கேள்வி வருமா, அல்லது அந்தக் கடையில் அது கிடையவே கிடையாதா என்று அடுத்த வாரம் பார்த்துவிட்டு எழுதுகிறேன்.