ஒரே ரீட், ஒரே 5,000 அலகுகள்: மகனுக்கு 181 டொலர், மகளுக்கு 54 டொலர். ஏன்?

வாவிக்கரை (கல்லடி)

என் மகனும் மகளும் சிங்கப்பூரில் வேலை செய்கிறார்கள். அங்குள்ள பங்குச் சந்தையில் ஒரே ரீட்டில் ஆளுக்கு 5,000 அலகுகள் வைத்திருக்கிறார்கள். அலுவலகக் கட்டடங்களை வாடகைக்கு விடும் நிதியம் அது. மகன் சென்ற ஆண்டே வாங்கிவிட்டார். மகள் இந்த ஆண்டு மே 6ஆம் திகதி, அலகு ஒன்று 1.32 டொலராக வாங்கினாள். ஜனவரி முதல் ஜூன் வரையான வாடகைப் பகிர்வாக மகனுக்கு மொத்தம் 181 டொலர் கிடைத்திருக்கிறது. மகளின் கணக்கில் 54 டொலர் மட்டுமே விழுந்திருக்கிறது. தரகு நிறுவனத்துக்கு எழுதினாள். "பதிவின்படி சரி" என்று ஒற்றை வரியில் பதில் வந்தது. எது சரி, எப்படிச் சரி என்று அவர்கள் சொல்லவில்லை. பிள்ளைகள் இருவரின் கணக்கையும் நான்தான் கொப்பியில் எழுதி வைக்கிறேன். இந்த இடைவெளி என்னை உறுத்துகிறது.

மருதமுனைக்காரன்

ஐயா, இதில் பிழை எதுவும் இல்லை. வங்கியில் நிலையான வைப்புக்கு வட்டி எப்படிச் சேருகிறதோ அப்படித்தான். வாடகை நாள்தோறும் சேர்கிறது, வைத்திருந்த நாட்களுக்குத்தான் பணம் கிடைக்கும். கணக்குப் போட்டுப் பாருங்கள். ஜனவரி 1 முதல் ஜூன் 30 வரை 181 நாள், 5,000 அலகுகளுக்கு 181 டொலர், அதாவது நாளுக்கு ஒரு டொலர். மே 6இல் வாங்கினால் இரண்டு வேலை நாள் கழித்து, மே 8இல்தான் அலகுகள் அவர் பெயருக்கு வரும். அன்றிலிருந்து ஜூன் 30 வரை 54 நாள். 54 டொலர். சதம் பிசகவில்லை.

அக்கரைப்பற்று கடைக்காரர்

எனக்கும் இப்படித்தான் நடந்தது. கொழும்புப் பங்குச் சந்தையில் ஒரு கம்பனியின் பங்குகளை வைத்திருக்கிறேன். இலாபம் கூடியது என்று அறிக்கை வந்தது, பங்கிலாபத்தை மட்டும் பாதியாக்கிவிட்டார்கள். உங்கள் நிதியமும் வாடகையின் ஒரு பகுதியைக் கையில் நிறுத்தி வைத்திருக்கும். கடிதம் எழுதிக் கேளுங்கள்.

பட்டிருப்பு

மருதமுனைத் தம்பியின் கூட்டல் சரி, காரணம் சரியில்லை. சிங்கப்பூரில் ரீட் கணக்குகளோடு சில காலம் வேலை செய்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: எந்த ரீட்டும் வைத்திருந்த நாட்களை எண்ணிப் பணம் கொடுப்பதில்லை. ஜூன் 20இல் வாங்கியவருக்கும் அதே 54 டொலர் கிடைத்திருக்கும். அரையாண்டு முடிந்த பிறகு, ஜூலையில், எக்ஸ் திகதிக்கு முன், அதாவது பகிர்வுக்கான உரிமை இல்லாமல் அலகுகள் கைமாறத் தொடங்கும் நாளுக்கு முன், வாங்கியவருக்கும் கிடைத்திருக்கும்.

ஐயா, எனக்கு ஒன்று தெரிய வேண்டும். மகனுக்கு அந்த 181 டொலர் ஒரே தவணையாக வந்ததா, இரண்டாக வந்ததா?

வாவிக்கரை (கல்லடி)

நேற்று இரவு மகனிடம் கேட்டேன். இரண்டு தவணை. ஜூனில் 127, செப்டெம்பரில் 54.

பட்டிருப்பு

அப்படியானால் விடயம் தெளிவு. உங்கள் ரீட் மே மாதத்தில் புதிய அலகுகளை வெளியிட்டுப் பணம் திரட்டியிருக்கிறது, பெரும்பாலும் இன்னொரு கட்டடம் வாங்குவதற்காக. அந்த அலகுகள் மே 8இல் பிறந்திருக்கும். ஜனவரியிலிருந்து மே 7 வரை சேர்ந்த வாடகை பழைய அலகுக்காரர்களின் கட்டடங்களிலிருந்து வந்தது. நேற்று உள்ளே வந்தவர்களுக்கு அதில் பங்கு கொடுத்தால் பழையவர்களுக்கு அநியாயம். எனவே அந்த 127 நாள் வாடகையைத் தனியாகப் பிரித்து முன்கூட்டியே கொடுத்துவிடுவார்கள். சந்தை அறிவித்தலில் 'அட்வான்ஸ்ட் டிஸ்ட்ரிபியூஷன்' என்று இருக்கும். தம்பியின் நாள் கணக்கு பொருந்தியது இதனால்தான். நாட்களால் பிரிக்கப்பட்டது நிதியத்தின் வாடகை. அந்தப் பங்கு யாருக்கு என்பதை எக்ஸ் திகதி தீர்மானித்தது.

இங்கே அலகுகள் யார் பெயரில் இருக்கின்றன என்று பார்க்கும் பதிவுத் திகதி மே 7 ஆக இருந்திருக்கும். சிங்கப்பூரில் வாங்கியது கைமாற இரண்டு வேலை நாள் ஆகிறது. மே 5இல் வாங்கியவரின் பெயர் 7ஆம் திகதிப் பதிவில் ஏறிவிடும், 6ஆம் திகதி வாங்கியவரின் பெயர் ஏறாது. எனவே மே 6தான் எக்ஸ் திகதி. உங்கள் மகள் வாங்கியது அதே நாளில். மே 5இல் வாங்கி 6ஆம் திகதி காலையிலேயே விற்றவருக்கும் அந்த 127 டொலர் ஜூனில் போயிருக்கும், கையில் ஓர் அலகுகூட இல்லாமலேயே.

இப்போது ஒரு வேலை செய்யுங்கள். மே 5ஆம் திகதி முடிவு விலை என்ன என்று மகளிடம் கேளுங்கள்.

வாவிக்கரை (கல்லடி)

1.35 டொலராம். மறுநாள் 1.32க்கு இறங்கியதும் மலிவாகக் கிடைக்கிறதே என்றுதான் வாங்கினாளாம்.

பட்டிருப்பு

அந்த இறக்கத்துக்குள்தான் அவருடைய 127 டொலர் இருக்கிறது. அலகு ஒன்றுக்கு 2.54 சதம் பகிர்வு. மே 5 வரை 1.35 டொலர் விலைக்குள் அந்த 2.54 சதமும் அடங்கியிருந்தது. வாங்குபவர் கட்டடத்தின் பங்குக்கும் அதில் சேர்ந்திருந்த வாடகைக்கும் சேர்த்தே விலை கொடுத்தார். மே 6இல் வாடகை கழன்றுவிட்டது, விலை இறங்கியது. முதல் நாள் வாங்கியிருந்தால் 6,750 டொலர் கொடுத்திருப்பார். அவர் கொடுத்தது 6,600. அதாவது 150 டொலர் குறைவு. இழந்ததாக நீங்கள் நினைப்பது 127. மிச்சம் 23 டொலர் அன்றைய சந்தையின் அசைவு. இறக்கம் எப்போதும் பகிர்வுத் தொகைக்குச் சரியாக இருக்காது. புதிய அலகுகள் தள்ளுபடி விலையில் வந்தால் அந்த அழுத்தமும் விலையில் சேரும்.

அக்கரைப்பற்றுக் காக்காவுக்கு ஒரு சொல். கம்பனி இலாபத்தை நிறுத்தி வைக்கலாம், அது பணிப்பாளர் சபையின் விருப்பம். சிங்கப்பூர் ரீட்டுக்கு அந்தச் சுதந்திரம் மிகக் குறைவு. வரிக்குரிய வருமானத்தில் குறைந்தது 90 வீதத்தை அலகுக்காரர்களுக்குக் கொடுத்தால்தான், அப்படிக் கொடுத்த பகுதிக்கு நிதியத்தின் மட்டத்தில் வரி கிடையாது. அதற்குக் குறைவாகக் கொடுத்தால் அந்தச் சலுகை கிடைக்காது. ஆனால் அது வாடகையின் 90 வீதம் அல்ல. கடன் வட்டி, பராமரிப்பு, முகாமையாளர் கட்டணம் எல்லாம் போன பிறகு நிற்பதில்தான் 90 வீதம். வட்டி ஏறினால் கட்டடம் நிறைந்திருந்தும் பகிர்வு குறையும்.

அக்கரைப்பற்று கடைக்காரர்

விளங்கியது தம்பி. பஸாரில் எனக்கு இரண்டு கடை அறைகள் வாடகைக்கு இருக்கின்றன. அவற்றை விற்றுவிட்டு இங்கிருந்தே இதில் பணம் போட முடியுமா?

பட்டிருப்பு

வெளிநாட்டுக்கு முதலீடாகப் பணம் அனுப்புவது 2017ஆம் ஆண்டின் 12ஆம் இலக்க அந்நியச் செலாவணிச் சட்டத்துக்குள் வருகிறது. அறைகளில் கைவைப்பதற்கு முன் வங்கியில் நேரில் கேளுங்கள். ஐயாவின் பிள்ளைகள் அங்கே உழைத்து அங்கேயே வாங்கியவர்கள். அவர்களுடைய நிலை வேறு.

களுவாஞ்சி மகள்

பட்டிருப்பு அண்ணா, எனது கணவரின் ரீட் பகிர்வுத் தாளில் வரிக்குரிய வருமானம் என்று ஒரு பகுதியும் மூலதனம் என்று ஒரு பகுதியும் இருக்கின்றன. வாடகை என்றால் எல்லாமே வருமானம்தானே? நம் பணத்தையே நமக்குத் திருப்பித் தருகிறார்களா?

பட்டிருப்பு

தங்கச்சி, தாளைப் பார்க்காமல் உறுதியாகச் சொல்ல முடியாது. வழக்கமாக இரண்டு காரணங்கள் இருக்கும். முகாமையாளர் தன் கட்டணத்தைக் காசாக வாங்காமல் புதிய அலகுகளாக வாங்கியிருக்கலாம். மிஞ்சிய காசு பகிர்வில் சேரும், ஆனால் அலகுகளின் எண்ணிக்கை மெல்லப் பெருகும். அல்லது வெளிநாட்டுக் கட்டடத்தின் வாடகை அங்குள்ள துணைக் கம்பனிக்குக் கொடுத்த கடனின் மீள்செலுத்தலாகத் திரும்பி வந்திருக்கலாம். இரண்டாவதில் காசின் ஊற்று வாடகைதான். முதலாவது ஆண்டுதோறும் பெருகினால் எனக்குப் பிடிக்காது. எந்த நாட்டுக் கட்டடங்கள், கட்டணத்தில் எத்தனை வீதம் அலகுகளாகப் போகிறது என்று ஆண்டறிக்கையில் பார்த்து எழுதுங்கள்.

மருதமுனைக்காரன்

இந்த நாள் கணக்கை இனி யாருக்கும் சொல்ல மாட்டேன். ஒரு சந்தேகம்: புதிய அலகுகள் வந்துவிட்டதால் அடுத்த அரையாண்டில் மகனுக்கும் குறையுமா?

பட்டிருப்பு

மகனுக்கும் மகளுக்கும் இனி ஒரே தொகைதான். கூடுமா குறையுமா என்பது புதிய கட்டடத்தைப் பொறுத்தது. இதுவரை அலகு ஒன்றுக்கு அரையாண்டில் 3.62 சதம் வந்தது. புதிய கட்டடத்தின் வாடகை, அதற்காக வாங்கிய கடனின் வட்டி போக, புதிய அலகுகளுக்கும் அதே அளவைத் தாங்கினால் குறையாது. கொள்வனவு அறிவித்தலில் அவர்கள் உயரும் என்றே எழுதியிருப்பார்கள், ஆனால் எந்த வட்டி வீதத்தை வைத்துக் கணக்கிட்டார்கள் என்பதில்தான் எனக்குச் சந்தேகம். ஐயா, அந்த அறிவித்தலை மகளிடம் வாங்கி இங்கே போடுங்கள், பார்க்கலாம்.

வாவிக்கரை (கல்லடி)

இன்றிரவே கேட்கிறேன் தம்பி. கொப்பியில் மகளின் பக்கத்தில் 6,600 என்ற தொகைக்கு எதிரே மே 6, எக்ஸ் திகதி என்று எழுதிவிட்டேன்.