அப்பாவுக்கு வாழ்த்து: அந்தத் தேர்வு வரி வேண்டுமா?

மூத்தவன்: நாளை அப்பாவுக்கு 70 வயது. இப்படி எழுதியிருக்கிறேன்: "அப்பா, பிறந்தநாள் வணக்கங்கள். தேர்வில் நான் தோற்ற அன்று நீங்கள் ஒரு வார்த்தை கேட்கவில்லை. மறுநாள் காலையில் மறுதேர்வுக் கட்டணத்தை என் மேசையில் வைத்துவிட்டு வேலைக்குப் போய்விட்டீர்கள். கேட்காமல் இருந்ததற்கு நன்றி." தேர்வு வரியை வைத்துக்கொள்ளலாமா?

தென்றல்: எடுத்துவிடுங்கள். பிறந்தநாளும் அதுவுமாகத் தோல்வியையா நினைவூட்டுவது? அவர் பேசாமல் இருந்தது கோபத்தில். கோபத்துக்கு நன்றி சொல்லும் பிள்ளையை இப்போதுதான் பார்க்கிறேன்.

நெடுவழி: கோபம் என்றால் மேசைக்குப் பணம் எப்படி வந்தது, தானாக நடந்து வந்ததா? அந்த வரியை எடுத்தால் மிஞ்சுவது கடையில் விற்கிற வாழ்த்து அட்டைதான். "நீங்கள் என் தூண்" என்று எழுதினால் இத்தகைய அப்பாக்கள் கூச்சத்தில் நெளிவார்கள். நடந்ததைச் சொன்னால் மறுக்க முடியாது. "அன்று கோபமா, பாசமா" என்று மட்டும் கேட்க வேண்டாம். பதில் சொல்ல வேண்டிய இடத்தில் அவரை நிறுத்தாதீர்கள்.

தென்றல்: கட்டணம் கட்டுவது கடமை. கோபத்திலும் கட்டுவார்கள்.

கிழக்குவாசல்: என் அப்பாவும் பேசமாட்டார். பணமும் வைத்ததில்லை. முதலில் அவர்கள் நம்மிடம் மன்னிப்புக் கேட்கட்டும், பிறகு வாழ்த்தலாம்.

நெடுவழி: உங்கள் கணக்கை இவர் அப்பாவிடம் தீர்க்காதீர்கள்.

கிழக்குவாசல்: போன மாதம் திருமண வாழ்த்து விவாதத்திலும் இப்படித்தான் என் வாயை அடைத்தீர்கள். மறக்கவில்லை.

பாலன்: குடும்பக் குழுவில் போடுங்கள். சித்தப்பா, அத்தை எல்லோரும் படித்துப் பெருமைப்படட்டும். சுருக்கமாக இருப்பது நல்லதுதான்.

நெடுவழி: சுருக்கம் சரி, குழு கூடாது. மகன் தோற்றதை அவர் அன்று யாரிடமும் சொல்லாமல் இருந்திருப்பார். அதை நீங்களே அத்தைக்கு அறிவிக்கப் போகிறீர்களா? அவருக்கு மட்டும் அனுப்புங்கள். நாலு வரியைத் தாண்டினால் "இவனுக்கு என்ன ஆயிற்று" என்று அம்மாவிடம் விசாரிப்பார். "சாப்பிட்டாயா" என்று பதில் வந்தால் சோர்ந்துவிட வேண்டாம். ஒன்றுமே வராவிட்டாலும் துரத்தித் துரத்திக் கேட்காதீர்கள்.

தென்றல்: யாரிடமும் சொல்லவில்லை என்று உங்களுக்கு யார் சொன்னது? அந்த வீட்டில் நீங்களா இருந்தீர்கள்?

நெடுவழி: நீங்கள் இருந்தீர்களா, கோபம் என்று அடித்துச் சொல்ல?

பாலன்: நான் குழு என்றது நல்ல எண்ணத்தில். உடனே அத்தையை இழுத்துவிட்டீர்கள்.

மூத்தவன்: அவர் யாரிடமும் சொல்லவில்லை என்பது உண்மை. அம்மாவுக்கே பல வருடம் கழித்து என் மூலம்தான் தெரியும். குழுவில் போடமாட்டேன். அந்த வரியைத்தான் அழிப்பதும் மறுபடி எழுதுவதுமாக இருக்கிறேன்.

தென்றல்: அம்மாவிடம்கூடச் சொல்லவில்லை என்றால் அவ்வளவு அவமானமாக இருந்திருக்கிறது அவருக்கு. எடுத்துவிடுங்கள்.

நெடுவழி: அவமானப்பட்டவர் மறுநாளே கட்டணம் வைப்பாரா? வையுங்கள். இன்னும் நூறு பேர் வந்து சொன்னாலும் இதையேதான் சொல்வேன்.