பள்ளிச் சுற்றுலா பாலிசி: இந்தக் கோட்டேஷனில் கை முறிந்தால் ஒரு ரூபாயும் வராது

அனைவருக்கும் வணக்கம்.

நம் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் மாசியில் ராமேஸ்வரம், திருச்செந்தூர், கன்னியாகுமரி போய்வர ஆக்சிடென்ட் பாலிசிக்கான பணத்தை, வெளியூரிலும் வெளிநாட்டிலும் இருக்கும் நம் ஊர்க்காரர்களின் சங்கம் தருவதாகச் சொல்லியிருக்கிறோம். தலைமை ஆசிரியர் வாங்கி அனுப்பிய கோட்டேஷனை நேற்று ராத்திரி வரிவரியாகப் படித்தேன். இப்படியே எடுக்க வேண்டாம் என்பது என் கருத்து.

போகிறவர்கள் 44 பிள்ளைகள், 6 பெரியவர்கள். ஆளுக்கு 2 லட்சம் என்று முதல் பக்கத்தில் இருக்கிறது, பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் மருத்துவச் செலவு என்ற இடத்தில் "ஏற்கப்பட்ட இழப்பீட்டில் 40 சதவீதம் அல்லது காப்புத் தொகையில் 10 சதவீதம், எது குறைவோ அது" என்று போட்டிருக்கிறார்கள். ஒரு பிள்ளை கோயில் படியில் வழுக்கி விழுந்து முன்கை முறிகிறது, மதுரையில் பிளேட் வைத்து 60,000 ரூபாய் பில் வருகிறது என்று வையுங்கள். உயிர்ச்சேதம் இல்லை, நிரந்தர ஊனமும் இல்லை, அதனால் ஏற்கப்பட்ட இழப்பீடு பூஜ்யம். பூஜ்யத்தில் 40 சதவீதம் எவ்வளவு? ஆட்காட்டி விரல் முழுவதும் போனால்தான் அட்டவணைப்படி 10 சதவீதம், அதாவது 20,000, அதோடு மருத்துவத்துக்கு 8,000 வரும். வேலைக்குப் போக முடியாத வாரங்களுக்கென்று ஒரு தொகை உண்டு, அது சம்பாதிக்கிறவர்களுக்கு, பிள்ளைகளுக்கு இல்லை.

என் அக்கா மகளுக்கு வேறொரு ஊர்ப் பள்ளியில் இதுவே நடந்தது. பாலிசி இருக்கிறது, கவலைப்படாதீர்கள் என்று எல்லோரும் சொன்னார்கள், கடைசியில் மாமா நகையை வைத்துத்தான் பில் கட்டினார்.

அதனால் கேட்க வேண்டியது, இழப்பீட்டோடு முடிச்சுப் போடாத தனி மருத்துவ வரம்பு, ஒரு பிள்ளைக்கு 50,000 ரூபாயாவது.

இரண்டாவது, நாள். பயணத் திட்டம் இப்படி இருக்கிறது: வியாழன் விடியற்காலை கிளம்பி வத்தலக்குண்டு, மதுரை, சாயங்காலம் ராமேஸ்வரம். வெள்ளி தீர்த்தமாடிவிட்டு தனுஷ்கோடி, பேக்கரும்பில் கலாம் நினைவிடம், ராத்திரி திருச்செந்தூர். சனி காலை தரிசனம், மாலை கன்னியாகுமரி. ஞாயிறு காலை படகில் விவேகானந்தர் பாறை, மதியம் கிளம்பி ஊர். பாலிசியும் வியாழன் முதல் ஞாயிறு நள்ளிரவு வரை நான்கு நாள். மதியம் கன்னியாகுமரியில் கிளம்பும் பஸ் வத்தலக்குண்டு வரவே ராத்திரி ஒன்பது, பத்து ஆகிவிடும். அப்புறம் நம் ஊருக்கு மலைப்பாதை: காமக்காபட்டி செக்போஸ்ட் தாண்டி, டம்டம் பாறை தாண்டி, பெருமாள்மலைப் பனியில், நான்கு நாள் ஓட்டிய டிரைவர். அதாவது மலை ஏறும்போதுதான் பாலிசி தீர்ந்துபோகிறது. ஞாயிறு இரவு வத்தலக்குண்டில் ஒரு மண்டபத்தில் தங்கவைத்து, திங்கள் காலை வெளிச்சத்தில் ஏறட்டும், பாலிசி திங்கள் நள்ளிரவு வரை இருக்கட்டும்.

மேற்பார்வைக்கு ஆறு பெரியவர்களில் மூவர் பெண்களாக இருக்க வேண்டும், பெண்பிள்ளைகள் 23 பேர். ஒருவருக்கு ஏழெட்டுப் பிள்ளைகள், பெயர் எழுதிய சீட்டோடு. பஸ் கிளம்பும் ஒவ்வொரு முறையும் இரண்டு பேர் தனித்தனியாக எண்ணி, எண்ணிக்கை ஒத்தால்தான் வண்டி நகர வேண்டும். தனுஷ்கோடியில் யாரும் தண்ணீரில் இறங்கக் கூடாது, அங்கே கடல் இழுக்கும், நம் பிள்ளைகளுக்குக் கடல் தெரியாது. படகில் லைஃப் ஜாக்கெட் எல்லோரும் மாட்டியாகிவிட்டதா என்று ஆசிரியர் பார்த்த பிறகு படகு கிளம்பினால் போதும்.

- மேலத்தெரு தபால்காரர் மகள், சிங்கப்பூர்

*

தங்கச்சி, இவ்வளவு குழப்பிக்க வேண்டியதில்லை. பிரதமர் சுரக்ஷா பீமா வருஷத்துக்கு 20 ரூபாய்தான், 2 லட்சம், எல்லோர் பேங்க் கணக்கிலும் பிடிக்கிறார்களே. பஸ்ஸுக்கும் இன்சூரன்ஸ் இருக்கிறது. சங்கப் பணத்தை ஸ்மார்ட் போர்டுக்கு வைக்கலாம்.

- துபாயிலிருந்து, மில்லுக்கார வீடு

*

எங்க அம்மா பழனி படியேறும்போது நெஞ்சுவலி வந்து ஆஸ்பத்திரியில் சேர்த்தோம், ஆக்சிடென்ட் பாலிசி இருந்தும் ஒரு ரூபாய் தரவில்லை. இந்த பாலிசியில் அம்மாவையும் சேர்க்க முடியுமா? கனடாவுக்கு வரும்போதும் செல்லுமா?

- டொரன்டோ

*

பிள்ளைகளா, முப்பது வருஷம் ஜெனரல் இன்சூரன்ஸ் கிளையில் க்ளெயிம் பார்த்தவன் என்பதால் எழுதுகிறேன்.

துபாய் தம்பி சொன்ன 20 ரூபாய்த் திட்டம் 18 முதல் 70 வயதுக்காரர்களுக்கு. எட்டாவது, ஒன்பதாவது படிக்கிற பிள்ளைகளுக்குக் கிடையாது. அதில் மருத்துவச் செலவும் இல்லை. பஸ் பாலிசியில் பயணிகளுக்கு உண்டுதான், ஆனால் தீர்ப்பாயத்தில் வழக்குப் போட்டு வாங்க வேண்டும். பெர்மிட்டில் எத்தனை சீட்டோ அத்தனை பேருக்குத்தான் கம்பெனி பொறுப்பு, 2007-இல் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. பஸ்ஸை விட்டு இறங்கித் தீர்த்தக் கிணற்றடியில் விழுந்தால் அதிலிருந்து எதுவும் வராது.

டொரன்டோ மகளுக்கு: இது நான்கைந்து நாளைக்கு, பட்டியலில் பெயர் உள்ளவர்களுக்கு மட்டும். அம்மாவின் நெஞ்சுவலி நோய், விபத்து அல்ல, அதனால்தான் தரவில்லை. இந்தப் பிள்ளைகளுக்கும் அப்படியே: வாந்தி, பேதி, காய்ச்சல் இதில் வராது. ஆசிரியர் கையில் 30,000 ரூபாய் தனியாக இருக்க வேண்டும்.

தபால்காரர் மகள் சொன்னது சரி. ஒன்று கூட்டிக்கொள். தனி மருத்துவ வரம்பு என்று கேட்டால் தருவார்கள், ஆனால் 24 மணி நேரம் படுக்கையில் இருந்தால்தான் என்று ஒரு வரி இருக்கும். மாவுக்கட்டு போட்டு அன்றைக்கே அனுப்பிவிடுகிற கேஸுக்கு அந்த வரி உதவாது, புறநோயாளிச் செலவும் சேர்த்து எழுதி வாங்கு. பிரீமியம் ஏறினால் காப்புத் தொகையை 1 லட்சமாகக் குறை, மருத்துவத்தைக் குறைக்காதே.

பெயர்ப் பட்டியலில்தான் பலரும் ஏமாறுவார்கள். முதல்நாள் ஒரு பிள்ளைக்கு ஜுரம் வந்து, அதன் இடத்தில் இன்னொரு பிள்ளை ஏறும். பெயரை மாற்றி மெயில் போட்டு, கம்பெனி ஒப்புக்கொண்ட பதில் வந்தால்தான் அந்தப் பிள்ளைக்குக் காப்பு. பிரீமியம் அவர்கள் கைக்குப் போனபின்தான் ரிஸ்க் தொடங்கும், எனவே பணம் புதன்கிழமை வரை இழுக்கக் கூடாது. பாலிசியைப் பள்ளியோ பெற்றோர் கழகமோ எடுக்கட்டும், சங்கம் பெயரில் வேண்டாம். இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர்கள் சொந்தச் சேமிப்பிலிருந்து பேங்க் வழியாக அனுப்புங்கள். வெளிநாட்டுக் குடியுரிமை வாங்கியவர்கள் அனுப்பும் பணம் வெளிநாட்டு நன்கொடை என்று ஆகிவிடும், பள்ளிக்குச் சிக்கல்.

- கோயம்புத்தூர் பெரியப்பா

*

பெரியப்பா, நன்றி. புறநோயாளிச் செலவை நான் கவனிக்கவேயில்லை, புதுக் கோட்டேஷன் கேட்டு இன்றே தலைமை ஆசிரியருக்கு எழுதிவிட்டேன்.

வத்தலக்குண்டு மண்டபத்துக்குத்தான் இன்னும் வழியில்லை. திங்கள் வகுப்பு போய்விடும் என்கிறார்கள், டிரைவரும் "ராத்திரி ஏறிப் பழக்கம்தான்" என்கிறாராம். நம் ஊர்க்காரர் யாராவது நேரில் போய்ப் பேச முடியுமா? மண்டப வாடகையை நான் தருகிறேன்.