99 ரூபாய்க்கு வாங்கிய டொமைன், இரண்டாம் வருடம் வந்த பில்

குமுளி ஏலக்கடை:
தேக்கடி வந்து போகிறவர்கள் ஊருக்குப் போன பிறகும் ஆர்டர் போடட்டும் என்று போன வருடம் கடைக்கு ஒரு வெப்சைட் தொடங்கினேன். .store டொமைன் 99 ரூபாய், ஹோஸ்டிங் மாதம் 149, ஒரு வருடத்துக்கு ஜிஎஸ்டியோடு 2,227. இப்போது புதுப்பிக்கச் சொல்லி மெயில் வந்திருக்கிறது: டொமைன் 3,299, ஹோஸ்டிங் மாதம் 449, வரியோடு 10,251! இந்த வருடத்துக்கு நான் ஒதுக்கி வைத்திருந்ததே 2,500தான். உங்களுக்கும் இப்படி ஆனதா?

கம்பத்துக்காரன்:
வேறு கம்பெனிக்கு மாற்றிவிடுங்கள் அண்ணே, அங்கே மறுபடியும் 99க்கே கிடைக்கும். நான் ஹோஸ்டிங்கை அப்படித்தான் வருடா வருடம் மாற்றுகிறேன்.

களியக்காவிளை:
சைட் நின்றுவிட்டதா அண்ணே? பயப்படாதீர்கள், எனக்கும் நின்றது. கார்டு மாறியதால் ஆட்டோ டெபிட் போகவில்லை, நானும் கவனிக்கவில்லை. கெடு முடிந்தும் சில வாரம் வழக்கமான விலைக்கே புதுப்பித்திருக்கலாமாம். அதையும் விட்டுவிட்டு ரிடெம்ப்ஷனில் போய் மாட்டினேன், அந்த 30 நாளுக்குள் மீட்க புதுப்பிக்கும் விலைக்கு மேல் தனியாக அபராதம் கட்டினேன்.

செங்கோட்டை அக்கா:
அவர் சைட் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது தம்பி, கேள்வி விலையைப் பற்றி.

கம்பம் தம்பி சொல்வது ஹோஸ்டிங்குக்குச் சரி, டொமைனுக்கு ஆகாது. 99 என்பது புதிதாகப் பதிகிறவருக்கு மட்டும். டிரான்ஸ்ஃபர் செய்தால் ஒரு வருடம் கூடும், ஆனால் அதற்கு டிரான்ஸ்ஃபர் விலை கட்ட வேண்டும். .store பெயர்களை எல்லாக் கம்பெனிகளும் ஒரே ரெஜிஸ்ட்ரியிடம்தான் வாங்குகின்றன, அங்கேயே விலை அதிகம் என்பதால் எங்கே போனாலும் பெரிய வித்தியாசம் இருக்காது. இனி வாங்கும்போது கார்ட்டில் 1 வருடத்தை 2 வருடமாக மாற்றிப் பாருங்கள், கூடுகிற தொகைதான் பெரும்பாலும் அசல் விலை. ஹோஸ்டிங்குக்கு அது சலுகை விலைக்குக் கீழே சின்ன எழுத்தில் இருக்கும். இரண்டாம் வருடத்துக்கு ஒதுக்க வேண்டியது அந்த இரண்டு தொகையையும் வரியையும்தான்.

அண்ணாச்சி, அந்த முகவரியை எங்கேயாவது அச்சடித்திருக்கிறீர்களா?

குமுளி ஏலக்கடை:
ஏலக்காய் பாக்கெட் ஸ்டிக்கரில் இருக்கிறது அக்கா, இன்னும் ஆயிரத்துக்கு மேல் மிச்சம்.

செங்கோட்டை அக்கா:
அப்படியானால் இந்த வருடம் 3,299 கட்டிவிடுங்கள். இப்போதே ஒரு .in அல்லது .com வாங்கி, பழைய முகவரிக்கு வருகிறவர்கள் அங்கே போகும்படி 301 ரீடைரக்ட் போடுங்கள். ஸ்டிக்கர் தீர்ந்ததும் புது முகவரியில் அச்சடிக்கலாம். ஆனால் அதன்பிறகு பழைய பெயரைப் புதுப்பிக்காமல் விட்டால் அதை வேறு யாரும் எடுத்துக்கொள்ளலாம், பழைய பாக்கெட் வைத்திருப்பவர் அங்கே போய் நிற்பார். எத்தனை வருடம் வைத்திருப்பது என்பதை நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும்.

கம்பத்துக்காரன்:
ஹோஸ்டிங்கை மாற்றும் முன் ஆர்டர் மெயில்களை எல்லாம் காப்பி எடுத்துக்கொள்ளுங்கள் அண்ணே. முதல் தடவை நான் எடுக்காமல் விட்டு மொத்தமும் போயிற்று.

குமுளி ஏலக்கடை:
சரி தம்பி. டொமைனுக்கு இன்றைக்கே கட்டிவிடுகிறேன், ஹோஸ்டிங் முடிய இன்னும் 19 நாள் இருக்கிறது. .in, .com இரண்டையும் கார்ட்டில் 2 வருடம் போட்டுப் பார்த்துவிட்டு வருகிறேன்.