உபுண்டு: ‘நாம்’ இருப்பதாலா, ‘நாங்கள்’ இருப்பதாலா?

தென்றல்மணி: தென்னாப்பிரிக்காவின் ஜுலு மக்கள் மனிதத்தன்மையை உபுண்டு என்கிறார்கள். அந்தக் கருத்தை ஒரே வரியில் தமிழில் தர முயன்றேன்: ‘நாங்கள் இருப்பதால் நான் இருக்கிறேன்.’ கூட்டாக வாழும் உணர்வு இதில் முழுமையாக வந்துவிட்டது என்று நினைக்கிறேன். சரிதானே?

கொடுமுடி: சரியில்லை. ஓர் ஆய்வாளர் மரத்தடியில் பழக்கூடை வைத்து முதலில் ஓடி வருபவருக்கே என்றதும் குழந்தைகள் கைகோத்து ஓடுவதாக ஒரு வாட்ஸ்அப் கதை வருமே, அதன் அடியிலும் இதே வரிதான் ஓடுகிறது, பார்க்கும்போதெல்லாம் எரிச்சலாக வருகிறது. ‘நாங்கள்’ என்றதுமே கேட்பவரை வாசலுக்கு வெளியே நிறுத்திவிட்டீர்கள். பக்கத்து வீட்டுக்காரரிடம் “நாங்கள் கோயிலுக்குப் போகிறோம்” என்றால் அவர் செருப்பைத் தேட மாட்டார்.

ஜுலுக்காரர்கள் உண்மையில் சொல்வது ‘உமுண்டு ங்குமுண்டு ங்கபண்டு’. உமுண்டு ஒரு மனிதர், அபண்டு பல மனிதர்கள். முன்னால் ஒட்டும் அந்த ‘ங்க’ நம் ‘ஆல்’ உருபின் வேலையைச் செய்கிறது. மனிதர் மனிதராவது மனிதர்களால், அவ்வளவுதான். அதில் நானும் இல்லை, நாங்களும் இல்லை. எந்த மனிதர்கள் என்று எல்லை போடவும் இல்லை. ‘நான்’ வைத்தே தீருவேன் என்றால் எதிரில் ‘நாம்’ போடுங்கள்.

பேரா. ரங்கன்: கொடுமுடியார் வழக்கம்போல் மூச்சுவிடாமல் பாடம் நடத்துகிறார். ‘நாங்கள் இருப்பதால் நான்’ என்பது ஜுலு மூதாதையர் காலங்காலமாகச் சொல்லி வரும் வாசகம். அதைப் போய் இல்லை என்கிறார். 31 வருடம் கல்லூரியில் தமிழ் நடத்தியவனுக்கு நாம், நாங்கள் வித்தியாசம் தெரியாதா?

கொடுமுடி: தமிழ் தெரியும் ஐயா, ஜுலு மூதாதையரைத்தான் தெரியவில்லை. நீங்கள் சொல்லும் வாசகம் ஜான் ம்பிட்டி 1969இல் எழுதிய நூலில் வருகிறது. அவர் கென்யாவில் கம்பா இனத்தில் பிறந்த பாதிரியார். தென்னாப்பிரிக்காவின் பழமொழியும் கென்யப் பாதிரியாரின் வரியும் பிற்பாடு ஒன்றாக ஒட்டிக்கொண்டன. ஒட்டிய இடம் தெரியாமல் ‘மூதாதையர்’ என்றால் எப்படி?

குட்டிச்சுவர்: உபுண்டு என்றதும் ஓடி வந்தேன். என் லேப்டாப்பில் உபுண்டு இயங்குதளத்தின் புதிய பதிப்புக்கு மாறியதிலிருந்து வைஃபை பிடிக்கவில்லை. நாம் போட்டால் பிடிக்குமா, நாங்கள் போட்டால் பிடிக்குமா?

பேரா. ரங்கன்: சரி, ம்பிட்டியே இருக்கட்டும். கொடுமுடியார் தன் வாயாலேயே மாட்டிக்கொண்டார். ம்பிட்டி அந்த வரியை எழுதிய பக்கத்தைப் படியுங்கள். ஒருவன் துன்பப்பட்டால் தனியாகத் துன்பப்படுவதில்லை, உறவுக்கூட்டத்தோடு சேர்ந்தே துன்பப்படுகிறான். மணம் முடித்தால் மனைவி அவனுக்கு மட்டும் உரியவள் இல்லை, பிள்ளைகளும் சுற்றத்தார் எல்லாருக்கும் பிள்ளைகள். இறந்து போனவர்களும் இனிப் பிறக்கப் போகிறவர்களும்கூட அந்தக் கூட்டத்தில் சேர்த்தி. இது ரத்த உறவு, குலம். குலத்துக்கு எல்லை உண்டு. வெளியாளிடம் அதைச் சொல்லும்போது தமிழில் ‘நாங்கள்’தான் வரும். ‘நாம்’ என்று எழுதினால் அந்தக் குலம் கரைந்து அரசு விளம்பர வாசகமாகிவிடும். ‘நாங்கள்’ என்பதே சரி.

செந்தாமரை: எங்கள் அடுக்ககத்தில் இதுதான் பிரச்சினை. தண்ணீர் லாரி செலவை யார் கட்டுவது என்று சங்கச் செயலாளர் ஒரு நோட்டீஸ் ஒட்டினார். “நாங்கள் முடிவு செய்துள்ளோம்” என்று ஆரம்பம். யார் அந்த நாங்கள்? வாடகைக்கு இருக்கிறவர்களைக் கூட்டத்துக்கே கூப்பிடவில்லை, பணம் மட்டும் எங்களிடம். ‘நாம்’ என்று எழுதியிருந்தால் கட்டியிருப்பேன்.

குட்டிச்சுவர்: ‘நாம்’ என்று எழுதி இரண்டு மடங்கு கேட்டிருப்பார் அக்கா.

கொடுமுடி: ரங்கன் ஐயா ம்பிட்டியைப் பற்றிச் சொன்னதில் தவறில்லை, ஆனால் தென்றல்மணி கேட்டது ஜுலு உபுண்டுவை. அந்த ஊரில் அந்தச் சொல் எப்படிப் புழங்குகிறது என்று பார்க்க வேண்டாமா? ஒரு வழக்கைச் சொல்கிறேன்.

தென்னாப்பிரிக்காவின் போர்ட் எலிசபெத் நகரத்தில் தனியாருக்குச் சொந்தமான ஒரு காலி நிலத்தில் 29 தகரக் குடிசைகள். 68 பேர் இருந்தார்கள், அதில் 23 பேர் குழந்தைகள். சிலர் இரண்டு வருடமாக, சிலர் எட்டு வருடமாக. சுற்றுப்புறத்தில் வசித்த 1,600 பேர் கையெழுத்துப் போட்டு இவர்களைக் கிளப்பச் சொன்னார்கள், நகராட்சியும் நீதிமன்றம் போனது. குடிசைக்காரர்கள் போக மாட்டோம் என்று அடம்பிடிக்கவில்லை. அவகாசம் கொடுங்கள், மறுபடி துரத்தாத இடமாகக் கொடுங்கள் என்றார்கள். வால்மர் பகுதிக்குப் போகச் சொன்னபோது, அங்கே குற்றமும் நெரிசலும் அதிகம், அங்கிருந்தும் துரத்தப்படுவோம் என்று மறுத்தார்கள்.

வழக்கு அரசியலமைப்பு நீதிமன்றம் வரை போனது. 2004 அக்டோபர் 1 அன்று தீர்ப்பை எழுதியவர் நீதிபதி ஆல்பி சாக்ஸ். காலி செய்ய உத்தரவு தர மறுத்தார். அவர்கள் அங்கே பல வருடம் இருந்தது, நிலச் சொந்தக்காரருக்கு அந்த இடம் உடனே தேவைப்படாதது, நகராட்சி உட்கார்ந்து பேசி வழி தேடாதது எல்லாவற்றையும் எடை போட்டார். ஆவேசத்தைத் தூக்கிப் பிடிக்காமல் சட்டத்துக்குள் இரக்கத்தைக் கொண்டுவருவதை உபுண்டுவோடு சேர்த்துப் பேசுகிறது அந்தத் தீர்ப்பு.

இப்போது சொல்லுங்கள். கையெழுத்துப் போட்ட 1,600 பேரின் மனுதான் ‘நாங்கள்’. குடிசைக்காரரையும் உள்ளே இழுத்த தீர்ப்பு ‘நாம்’. தென்றல்மணியின் வரியை அந்த 1,600 பேரும் கூச்சமில்லாமல் பேனரில் எழுதிப் பிடித்திருக்கலாம்.

பேரா. ரங்கன்: நீதிபதிகள் உபுண்டு பேசாமல் இருப்பார்களா? அந்நாட்டு அரசியலமைப்புச் சட்டத்திலேயே அச்சொல் பொறிக்கப்பட்டுள்ளது. ஆனால் நீதிமன்றத் தமிழும் குலத்தின் தமிழும் வேறு. ‘நாங்கள்’.

கொடுமுடி: 1993இன் இடைக்காலச் சட்டத்தின் கடைசிப் பகுதியில் இருந்தது. பழிவாங்கல் வேண்டாம், உபுண்டு வேண்டும் என்ற வரி. 1996இன் நிரந்தரச் சட்டத்தில் அந்தச் சொல் கிடையாது. அரைத் தகவலோடு வருவது உங்களுக்குப் புதிதல்ல, சங்க காலப் பஞ்சம் பற்றிய இழையிலும் இதே கதைதான். நாம், ஐயா, நாம்.

பேரா. ரங்கன்: அந்த இழையில் கடைசியில் பதில் சொல்லாமல் ஓடியது யார் என்று எல்லாருக்கும் தெரியும்.

வல்லிபுரம்: இரண்டு பேரும் சண்டை பிடிக்கிறதுக்கு முதல் ஒரு விசயம். எங்கட யாழ்ப்பாணத்தில “நாங்கள் எல்லாரும் போவம்” எண்டால் கேக்கிறவரும் சேர்த்திதான், அவரும் செருப்பைத் தேடுவார். ‘நாம்’ எண்டு வீட்டில ஆரும் கதைக்கிறேல்லை, மேடையில கேக்கலாம். தென்றல்மணி எழுதின வரி எங்களுக்கு வடிவா விளங்குது. ஆரையும் வெளியில விடேல்லை.

பேரா. ரங்கன்: பார்த்தீர்களா! யாழ்ப்பாணமே என் பக்கம். ‘நாங்கள்’.

வல்லிபுரம்: ஐயா, நான் உங்கட பக்கம் இல்லை. நீங்கள் வெளியாளைத் தள்ளுற ‘நாங்கள்’ கேக்கிறியள். நான் சொல்றது எல்லாரையும் சேக்கிற ‘நாங்கள்’.

கொடுமுடி: வட்டார வழக்கை விடுங்கள், இங்கே பொதுவான எழுத்துத் தமிழைப் பற்றிப் பேசுகிறோம். எழுத்தில் நாம் என்பது முன்னிலையாரையும் உளப்படுத்துவது, நாங்கள் அப்படியல்ல.

வல்லிபுரம்: எழுத்துத் தமிழ் ஆற்ற சொத்து? கரைக்கு இந்தப் பக்கம் இருக்கிறவன் கதைச்சால் வட்டார வழக்கு, அந்தப் பக்கம் கதைச்சால் பொதுத் தமிழோ? எல்லாரையும் சேர்க்கிறது பற்றின இழையில எங்களை வெளியில விடுறியள், நல்லாயிருக்கு.

செந்தாமரை: வல்லிபுரம் அண்ணன் சொல்வது நியாயம். எங்கள் செயலாளரும் இப்படித்தான், வாடகைக்காரர் பேசினால் “இது உரிமையாளர் விஷயம்” என்பார்.

கொடுமுடி: தமிழகம், ஈழம் என்று திசை திருப்ப வேண்டாம். ஜுலுவிலேயே ‘தினா’ என்ற ஒரே சொல்தான் இரண்டுக்கும். அதனால்தான் தமிழுக்குக் கொண்டுவரும்போது நாம் ஒன்றைத் தேர்ந்தெடுத்தாக வேண்டியிருக்கிறது. தேர்வு செய்யும்போது யார் வெளியே நிற்கிறார் என்று பார்க்கச் சொல்கிறேன், இதில் என்ன குற்றம்?

குட்டிச்சுவர்: வைஃபை ஆள் கொஞ்சம் சீரியஸாகப் பேசலாமா? அவ்வளவு பெரிய ‘நாம்’ அந்த ஊரில் இருந்தால் 2008 மே மாதம் நடந்தது என்ன? ஜோஹன்னஸ்பர்க் பக்கம் தொடங்கி வெளிநாட்டுக்காரர்களை அடித்து விரட்டினார்கள், 62 பேர் செத்தார்கள். தெருவில் ஆளை மறித்து முழங்கையைக் காட்டி, இதற்கு ஜுலுவில் என்ன பெயர் என்று கேட்டது கும்பல். ‘இண்டொலொல்வானே’ என்று சொல்ல வராதவன் அந்நியன். செத்தவர்களில் 21 பேர் தென்னாப்பிரிக்கர்களே. உங்கள் உபுண்டு அன்றைக்கு எங்கே போனது?

பேரா. ரங்கன்: இதைத்தான் சொல்கிறேன். மக்கள் நடைமுறையில் அது குல உணர்வு. ‘நாங்கள்’ என்பது கசந்தாலும் உண்மை.

கொடுமுடி: கும்பல் செய்ததை வைத்துப் பழமொழிக்குப் பொருள் எழுதுவீர்களா? அப்படியென்றால் யாதும் ஊரே என்று பாடிய ஊரில் இரட்டை டம்ளர் இருந்ததை வைத்து அந்த வரிக்கும் உரை எழுதுங்கள். உபுண்டு ஒருவனிடம் இருக்கிறது என்றோ இல்லை என்றோ சொல்லும் சொல் அது. கெட்டதைச் செய்தவனை ‘இவன் மனுஷனே இல்லை’ என்கிறோமே, அந்த இடத்தில் வரும். அன்றைக்கு அது இல்லாமல் போனது, அதனால்தான் முழங்கையைக் காட்டினார்கள். ‘நாங்கள்’ என்று எழுதினால் அந்தக் கும்பலுக்கும் இடம் கிடைத்துவிடும்.

குட்டிச்சுவர்: நல்லது நடந்தால் உபுண்டு, கெட்டது நடந்தால் உபுண்டு இல்லாமல் போனது. தோற்கவே முடியாத தத்துவமாக இருக்கிறதே.

வல்லிபுரம்: கொடுமுடி அண்ணை, இரட்டை டம்ளருக்கு உரை எழுத உங்களுக்கு நேரம் இருக்கு, என்ர கேள்விக்கு மட்டும் பதில் இல்லை.

தென்றல்மணி: ‘மனிதரால் மனிதர்’ என்று போட்டுவிடட்டுமா? பள்ளி ஆண்டு விழா மலருக்கு, நாளைக்குள் அச்சகத்துக்குத் தர வேண்டும்.

பேரா. ரங்கன்: ‘மனிதரால் மனிதர்’ யாருக்கும் புரியாது. ரத்தமில்லாத மொழிபெயர்ப்பு. ‘நாங்கள்’ போடுங்கள் அம்மா.

கொடுமுடி: ‘மனிதரால் மனிதர்’ பாதிக் கிணறு. ‘ஆவது’ என்ற வினை விழுந்துவிட்டது. பிறந்ததும் மனிதராகிவிடுவதில்லை, மற்றவர்களோடு நடந்துகொள்ளும் விதத்தில்தான் ஆகிறோம். வினை இல்லாவிட்டால் யாரோ யாரையோ பெற்றெடுத்தது போல இருக்கும். அப்புறம், மலரில் பழக்கூடைக் கதையைப் போட்டிருந்தால் தயவுசெய்து எடுத்துவிடுங்கள். எந்த ஆய்வாளர், எந்தக் கிராமம் என்று அதில் ஒன்றுமே கிடையாது.

தென்றல்மணி: அட்டையே பழக்கூடைதான்.

பேரா. ரங்கன்: அழகான அட்டை. மாற்ற வேண்டாம்.

கொடுமுடி: சங்கப் பஞ்சத்திலும் ஆதாரமில்லாததை ‘அழகு’ என்றவர் நீங்கள்தான். அந்த இழையின் மூன்றாம் பக்கத்தை மறுபடி திறக்கிறேன், இருங்கள்.